பச்சையாக இருந்த துறை

அந்த மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'ஒத்தைத்தாள்'. எதை எழுதிக்கொண்டு போனாலும் ஒரே தாளில் இருக்க வேண்டும் என்பார். இரண்டாவது தாள் இருந்தால் முதல் தாளையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். முகத்தில் கோபம் இருக்காது. "சுருக்கிட்டு வாங்க, படிக்கிறேன்" என்பார், அவ்வளவுதான்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் மாதாமாதம் தலையணை கனத்தில் ஒரு நிதி அறிக்கை தயாராகும். அதை ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை. ஒரு வருடம் பற்றாக்குறை என்று தெரிந்தபோது வருடமே முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு வந்தவர் இவர். வந்த வாரமே பட்ஜெட் பிரிவுக்கு ஆள் அனுப்பி, "எந்தத் துறை கையை மீறிப் போகுதுன்னு நான் ஒரு பார்வையில தெரிஞ்சுக்கணும்" என்றார்.

அந்த ஒரு பார்வையை அவருக்குச் செய்து கொடுத்தவள் பட்ஜெட் அதிகாரி. நாற்பதைத் தாண்டியவள், தனியாக இருப்பவள், கணக்கு என்று வந்துவிட்டால் சொந்தம் பந்தம் பார்க்காதவள் என்று பெயர் வாங்கியவள். மாதக் கணக்கு முடிந்த சில நாளில் அவளுடைய தாள் மேலே போய்விடும். ஒரு துறைக்கு ஒரு வரி. வருட ஒதுக்கீடு, இந்த மாதம் வரை ஆகியிருக்க வேண்டிய செலவு, உண்மையில் ஆன செலவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இதே போக்கில் போனால் வருடக் கடைசியில் எங்கே நிற்கும் என்ற கணிப்பு. வரியின் கடைசியில் ஒரு வட்டம். செலவு ஒதுக்கீட்டுக்குள் இருந்தாலோ, மயிரிழை தாண்டியிருந்தாலோ பச்சை. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தாண்டினால் மஞ்சள். ஐந்துக்கு மேல் போனால் சிவப்பு. விதியைத் தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தாள். வட்டத்தை யாரும் கையால் மாற்ற முடியாது; சூத்திரம் தானாகவே நிறம் போடும். அதில் அவளுக்குத் தனிப் பெருமை.

தாள் வந்ததும் மருத்துவமனையின் நடையே மாறிவிட்டது. சிவப்பு வாங்கிய துறைத் தலைவர்கள் மட்டும் மாதாந்திரக் கூட்டத்துக்கு வந்து தலைமை நிர்வாகி எதிரில் உட்கார வேண்டும். மஞ்சள் என்றால் எழுத்தில் விளக்கம். பச்சையை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மாதக் கடைசியானால் ஆளாளுக்கு அவள் அறைக்கு வந்து, "இந்தத் தடவை நம்ம பக்கம் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார்கள். தெருமுனை சிக்னல் விளக்குபோல நிறம் காட்டும் அந்தத் தாளால்தான் அவளுக்கு 'விளக்கு மேடம்' என்று பெயர் வந்தது.

பராமரிப்புத் துறையின் தலைவர் அவளுடைய அத்தான். கூடப் பிறந்த அக்காவின் கணவர். மின்தூக்கிகள், ஜெனரேட்டர், ஆக்சிஜன் குழாய்கள், குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே வேலை காலியாக இருக்கிறது என்று முதலில் அவளிடம் சொன்னவரே அவர்தான். ஆனால் தனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவள் தேர்வு எழுதினாள். அப்படியும், உள்ளே வந்ததும் 'அத்தான் தயவு' என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அது அவள் காதில் விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கையெழுத்து விட்டுப்போனது என்று அவருடைய பில்லைத் திருப்பி அனுப்பினாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், "உன் தங்கச்சி இன்னைக்கு என்னை வாசல்லயே நிக்க வச்சுட்டா" என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

வருடத்தின் பாதி போயிருந்த ஒரு நாள், அத்தான் கையில் டீ கிளாஸோடு அவள் அறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விளக்கு மேடம், ஒரு விண்ணப்பம்."

"சொல்லுங்க அத்தான்." மற்றவர்கள் இருந்தால் 'சார்' என்பாள். அப்போது அறையில் வேறு யாரும் இல்லை.

"இந்த மாசம் எனக்கு ஒரு சிவப்பு போட்டுடேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனவன் பச்சை கேட்டு என் உயிரை எடுக்கிறான். நீங்க என்னடான்னா சிவப்பு கேக்கறீங்க!"

"சிவப்பு இருந்தாத்தானேம்மா அந்தக் கூட்டத்துக்குள்ள விடறாங்க? நானும் எத்தனையோ தடவை அவரைப் பாக்கணும்னு கேட்டாச்சு. 'உங்க துறைதான் பச்சையாச்சே, உங்களுக்கு என்ன கவலை'ன்னு செக்ரட்டரி திருப்பி அனுப்பிடறாங்க."

பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார். அவரிடம் இருந்த டெக்னீஷியன்களில் மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பதிலுக்கு ஆள் எடுக்கும் ஃபைல் பணியாளர் பிரிவில் தூங்குகிறது. மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்காமல் கொள்முதல் குழுவில் நிற்கிறது. "ஆள் இல்ல, அதனால சம்பளம் போகல. ஒப்பந்தம் இல்ல, அதனால பில் வரல. ரெண்டும் சேந்து உன் தாள்ல என்னைப் பெரிய சிக்கனக்காரனாக் காட்டுது. அது மிச்சம் பிடிச்ச காசு இல்லம்மா. செய்யாம கிடக்கற வேலை."

அவளுக்கு அது புதுச் செய்தி அல்ல. பராமரிப்புத் துறையின் செலவு ஒதுக்கீட்டைவிட வெகுவாகக் கீழே கிடப்பதை மாதாமாதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் விதி ஒருபக்க விதி. அதிகச் செலவைத்தான் அது குற்றமாகப் பார்த்தது. குறைவுக்கு, எவ்வளவு குறைவானாலும், பச்சை.

"அத்தான், நிறத்தை நான் போடறதில்ல. சூத்திரம் போடுது."

"அந்தச் சூத்திரத்தை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? சரி, சிவப்பு வேண்டாம். அடியில குறிப்புன்னு இடம் விட்டிருக்கியே, அங்க ஒரு வரி எழுது. ஆள் பற்றாக்குறையால செலவு குறைவு, அப்படின்னு. பொய் ஒண்ணும் இல்லையே?"

பொய் இல்லைதான். ஆனால் அந்த இடம் சிவப்புத் துறைகளுக்கென்று விட்ட இடம். பச்சையாக இருக்கும் ஒரு துறைக்கு, அதுவும் அந்தத் துறைக்கு, தனியாக ஒரு வரி எழுதினால் நாளைக்கு என்ன பேச்சு வரும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"வேற யாராவது கேட்டிருந்தா எழுதியிருப்பேன் அத்தான். உங்களுக்கு எழுதினா ஊர் வாய் சும்மா இருக்குமா?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அதுவும் சரிதான். உன் பேரு கெடக் கூடாது" என்று எழுந்து, காலி கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம். 'என்ன பெரிய நீதிபதியா நீ' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

அந்த மாதத் தாளைத் தயாரிக்கும்போது அவள் அந்த வரியைத் தட்டச்சு செய்தாள். படித்துப் பார்த்தாள். ஒரு சொல்லை மாற்றினாள். பிறகு முழுதையும் அழித்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் மருந்துப் பிரிவு கடும் சிவப்பில் இருந்தது. மருந்து விலைகள் எகிறியிருந்தன. மருந்துப் பிரிவின் தலைவி, "நோயாளியைப் பாத்து மருந்து இல்லன்னு சொல்ல முடியாது சார். எனக்கு நிதி வேணும்" என்று ஒரே பிடியாக நின்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. தலைமை நிர்வாகி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பச்சை வட்டங்களின் மேல் பேனாவை ஓட்டிக்கொண்டே வந்தார். பேனா ஒரு வரியில் நின்றது.

"பராமரிப்புல இவ்வளவு மிச்சம் இருக்கே! நல்லா நடத்தறாரே மனுஷன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்த மிச்சம் வருஷக் கடைசி வரைக்கும் நிக்குமா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாருடைய மைத்துனி என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. அத்தான் அந்த அறையில் இல்லை. பச்சைக்கு அங்கே நாற்காலி கிடையாது. சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். அது மிச்சம் இல்லை சார், ஆள் இல்லை, ஒப்பந்தம் இல்லை. பத்து விநாடிப் பேச்சு.

"இப்போ போற போக்குல நிக்கும் சார்" என்றாள்.

அவள் சொன்னதில் எழுத்துக்கு எழுத்து பிழை கிடையாது. தாளில் இருந்த கணிப்பும் அதையேதான் சொன்னது. இதுவரை ஆன செலவை வைத்து மீதி மாதங்களை நீட்டிப் போட்ட கணிப்பு அது.

"அப்போ அதை மருந்துக்கு மாத்திடுங்க" என்றார் தலைமை நிர்வாகி. அடுத்த துறைக்குப் போய்விட்டார்கள்.

ஒதுக்கீட்டு மாற்றம் அவள் கையால்தான் நடந்தது. பராமரிப்பின் வருட ஒதுக்கீடு குறைந்தது. மருந்துப் பிரிவு மஞ்சளுக்கு இறங்கியது. பணியாளர் பிரிவில் தூங்கிக்கொண்டிருந்த ஃபைல் அதன் பிறகுதான் கண் விழித்தது. 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்ற குறிப்போடு அத்தான் மேசைக்குத் திரும்பி வந்தது. அடுத்த மாதத் தாளில் பராமரிப்பின் வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டதால் அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. செலவும் ஒதுக்கீடும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அந்தத் தாளிலேயே அதைவிட அழகான வரி கிடையாது. இப்போது அத்தானே வந்து நின்றாலும் தாளைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது.

அவர் வரவில்லை. வராந்தாவில் எதிரே பார்த்தால் எப்போதும்போல் ஒரு கேலி, ஒரு சிரிப்பு. சட்டைக் கை மட்டும் முழங்கைக்கு மேல் மடித்திருக்கும். அதில் கிரீஸ் கறை இருக்கும். துறைத் தலைவர் சட்டையில் கிரீஸ் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

அது நடந்தது ஒரு மத்தியானம். ஒரு மின்தூக்கி ஆட்களோடு இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. அந்த ஷிஃப்டில் இருந்த மூன்று டெக்னீஷியன்களில் இருவர் அங்கே ஓடினார்கள். இன்னொருவர் ஜெனரேட்டர் அறையில் இருந்தார். அந்த நேரம் பார்த்து அறுவை சிகிச்சை அறையின் குளிர்காற்றுக் குழாயில் காற்றைத் திறந்துவிடும் தடுப்புத் தகடு ஒன்று மூடிக்கொண்டது. உள்ளே மேசையில் நோயாளி. அத்தான் தானே ஏணியை எடுத்துக்கொண்டு போனார். வழுவழுப்பான தரை. கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தடுப்பைத் திறந்துவிட்டார். காற்று வந்ததாகப் பிறகு நர்ஸ்கள் சொன்னார்கள். இறங்கும்போது ஏணி சறுக்கியது.

அவள் அவசரப் பிரிவுக்கு ஓடினபோது அவரை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தோள்பட்டையும் வலது மணிக்கட்டும் நொறுங்கியிருந்தன. கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது, அதை இழுத்துக்கொண்டே நடந்து வந்தாள்.

"இவர் எதுக்குடி ஏணியில ஏறினார்? இந்த வயசுல? இவருக்குக் கீழ ஆளே இல்லையா?"

"குறைவா இருக்காங்க அக்கா."

"குறைவுன்னா? எடுக்க வேண்டியதுதானே?"

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

மறுநாள் காலை தலைமை நிர்வாகி அவளைக் கூப்பிட்டார். அவர் மேசையில் அந்த மாதத் தாள் இருந்தது. மனிதர் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

"எனக்குப் புரியல. இந்தத் துறை வருஷம் பூரா பச்சையாத்தானே இருந்தது?"

அவள் நின்றபடியே சொன்னாள். விதி ஒருபக்கமாக எழுதப்பட்டதை, காலி இடங்களை, ஒப்பந்தத்தை, மாற்றிய நிதியை, எல்லாவற்றையும். அவர் ஒவ்வொன்றாகத் தாளில் தேடிப் பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் அன்னைக்கு உங்களைக் கேட்டேனே. நிக்குமான்னு. அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனாம்மா?"

கேட்டிருப்பார். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"சொந்தக்காரருக்காகப் பேசறதா நெனச்சிடுவாங்கன்னு சார்…"

"யாரு நெனப்பாங்க?"

அவள் மேசையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தாளை அவள் மாற்றினாள். அதிகச் செலவுக்கு எப்படி நிறமோ அப்படியே குறைந்த செலவுக்கும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தாலும் சிவப்பு. வருட நடுவில் மாற்றிய ஒதுக்கீட்டுக்குப் பக்கத்திலேயே ஆரம்பத்தில் கொடுத்த ஒதுக்கீடும் தெரியும்படி ஒரு பத்தி; குறைவுக்கான நிறம் அதை வைத்துத்தான். காலிப் பணியிடங்களுக்கு ஒரு பத்தி. ஆர்டர் போட்டும் பில் வராத தொகைக்கு ஒன்று. குறிப்பு எழுத எந்தத் துறைக்கும் உரிமை. எழுத்தைக் கொஞ்சம் பொடியாக்கினால் எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிட்டது. இதற்கெல்லாம் ஒரே தாளில் இடமே இல்லை என்று அவள் அத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு பொய் என்று அச்சான தாளைக் கையில் வாங்கியபோது உறைத்தது. புதுத் தாளில் பராமரிப்பு மட்டுமில்லை, ஆய்வகமும் சலவைப் பிரிவும்கூடச் சிவப்பாக எரிந்தன. அவர்களும் ஆள் இல்லாமல்தான் பச்சையாக இருந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலேயே மூன்று துறைக்கும் ஆள் எடுக்க உத்தரவு ஆனது. மின்தூக்கி ஒப்பந்தமும் கையெழுத்தானது.

அத்தானின் தோள் தேறியது. கை தேறவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தால் விரல்கள் நடுங்கின. சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிட வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறேன் என்று தலைமை நிர்வாகி வீட்டுக்கே வந்து சொன்னார். அத்தான் நன்றி சொல்லிவிட்டு, முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதினது அக்கா, அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

அவர் உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்று, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அக்கா கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில்தான் நிறுத்தினாள்.

"அவர் உன்கிட்ட வந்து கேட்டாரா?"

"கேட்டார்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"தெரியும் அக்கா."

"உன் மேல எனக்கு வருத்தம் வந்துடக் கூடாதுன்னு சொல்லாம இருந்திருக்கார்." அக்கா நறுக்கின காயைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள். "அன்னைக்கு நீ வேற யாரோட தங்கச்சியாவோ இருந்திருந்தா எழுதியிருப்ப, இல்லையா?"

"எழுதியிருப்பேன்."

அக்கா கையைக் கழுவினாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பரிமாறினாள். முன்பெல்லாம் வேண்டாம் என்றாலும் தட்டில் கொட்டுகிறவள், அன்று "இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் பரிமாறினாள். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். ஃபோன் செய்தால் எடுப்பாள். நலம் விசாரிப்பாள். "வேற என்ன?" என்பாள். சண்டை போட்டிருந்தால் ஒரு நாள் சமாதானம் ஆகியிருக்கும். போடாத சண்டையை எங்கே போய்த் தீர்ப்பது?

மகன் வேலை பார்க்கும் ஊருக்கே போய்விடுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கிளம்புகிற அன்று அவள் லீவு போட்டுவிட்டுப் போனாள். பெட்டிகளைக் கட்டினாள், அலமாரியைத் துடைத்தாள், கீழே நின்ற வண்டிக்குப் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அத்தான் படிக்கட்டின் கைப்பிடியை இடது கையால் பிடித்தபடி மெல்ல இறங்கி வந்தார்.

"அத்தான், என்னை…"

"சும்மா இரும்மா" என்றார். "உன்னை மாதிரி நேர்மையா இருக்கறது கஷ்டம். எனக்குத் தெரியாதா?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அன்று அவள் அந்த வரியை அழித்ததற்குப் பெயர் நேர்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கலாம். பயத்துக்கு அவர் கொஞ்சம் நல்ல பெயராகப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறார்.

அக்கா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கி, "சாவியை வீட்டு ஓனர்கிட்ட குடுத்துடு. ராத்திரி உன் வீட்டைப் பூட்டிட்டுப் படு" என்றாள். வண்டி தெருமுனையில் திரும்பியது. அவள் மறுபடி மேலே ஏறிப் போய், காலி வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கித் திருகிப் பார்த்தாள், நிற்கவில்லை. அத்தானைக் கூப்பிடலாம் என்று ஒரு கணம் வாய் திறந்துவிட்டாள்.